செய்முறை வகுப்பில் கருவி பழுதானால் எழுதும் கால நீட்டிப்புக் கடிதம்

கருவிப் பழுது காரணமான கால நீட்டிப்புக் கடிதம் என்பது, ஆய்வகச் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அளவிடும் கருவி செயலிழந்ததால் குறித்த நாளில் அறிக்கையையோ பதிவேட்டையோ ஒப்படைக்க இயலாத மாணவர், பொறுப்பாசிரியரிடம் கூடுதல் நாட்கள் கேட்டு எழுதும் விண்ணப்பம் ஆகும். உடல்நலக் குறைவுக்கோ குடும்ப நிகழ்ச்சிக்கோ எழுதும் விடுப்புக் கடிதத்திலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. விடுப்புக் கடிதத்தில் சொல்லப்படும் காரணத்தை ஆசிரியர் நேரில் சோதிப்பதில்லை. கருவிப் பழுதை அவர் சோதிக்க முடியும். கருவி அதே அறையில் இருக்கிறது, பயன்பாட்டுப் பதிவேடு இருக்கிறது, ஆய்வக உதவியாளர் இருக்கிறார். ஆகவே இக்கடிதம் நிற்பதும் விழுவதும் அதில் எழுதப்பட்டுள்ள விவரங்களைப் பொறுத்தது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கும் இரு மாணவிகளுக்கு நேரக்கூடிய ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய கடிதம் எப்படி உருவாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## எடுத்துக்காட்டுச் செய்முறை

கரைசலில் உள்ள இரும்பின் அளவை நிறமாலை ஒளிமானி கொண்டு கண்டறிவது, இளநிலை வேதியியலில் பரவலாகச் செய்யப்படும் சோதனை. மாணவர்கள் இக்கருவியை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்றே சொல்வர். இரும்புக் கரைசலில் முதலில் ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு சேர்க்கப்படும். அது ஃபெரிக் அயனிகளை ஃபெரஸ் அயனிகளாக ஒடுக்குகிறது. பின்னர் அமிலத்தன்மையைச் சீராக்க சோடியம் அசிட்டேட்டும், நிறம் உண்டாக்க 1,10-பினாந்த்ரோலினும் சேர்க்கப்படும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் முழுமையாகத் தோன்றும். இந்த நிறம் 510 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை உட்கவர்திறன் என்ற எண்ணாகக் கருவி காட்டும்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் இரும்பு உள்ள கரைசலிலிருந்து 5, 10, 15, 20 மில்லிலிட்டர் எடுத்து, 50 மில்லிலிட்டர் குடுவைகளில் நிரப்பினால் லிட்டருக்கு 1, 2, 3, 4 மில்லிகிராம் உள்ள நான்கு திட்டக் கரைசல்கள் கிடைக்கும். இரும்பு சேர்க்காத குடுவை ஒன்று வெற்றுக் கரைசல். ஆய்வகம் கொடுக்கும், அளவு தெரியாத கரைசல் ஆறாவது குடுவை. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குவெட்டில் வைத்துப் பார்த்தால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்புக்கு ஏறத்தாழ 0.20 உட்கவர்திறன் வரும். இரும்பு இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். இதுவே பீர்–லாம்பர்ட் விதி. நான்கு புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்து நேர்கோடு வரைந்து, தெரியாத கரைசலின் எண்ணை அந்தக் கோட்டில் வைத்தால் அதிலுள்ள இரும்பின் அளவு தெரிந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை இச்செய்முறை நடக்கிறது என்று கொள்வோம். அறிக்கை ஒப்படைக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. மாணவிகள் 2.30-க்குக் கருவியைப் போட்டுவிட்டுக் கரைசல்களைத் தயாரிக்கிறார்கள். 3.20-க்கு வெற்றுக் கரைசலை வைத்துச் சுழியம் செய்கிறார்கள். முதல் திட்டக் கரைசல் 0.201, இரண்டாவது 0.398 காட்டுகிறது. இரண்டும் எதிர்பார்த்தபடியே உள்ளன. மூன்றாவது கரைசலை வைத்ததும் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. சில நொடி இடைவெளியில் 0.612, 0.571, 0.640 என்று மாறுகிறது. 3.50-க்குக் கருவியின் விளக்கு முற்றிலும் அணைந்துவிடுகிறது.

## பழுதா, கைத்தவறா?

கடிதம் எழுதுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். ஆசிரியரும் முதலில் இதைத்தான் கேட்பார். தவறான எண் வந்ததாலேயே கருவி பழுது என்று ஆகிவிடாது.

மாணவரின் கைத்தவறுக்குப் பொதுவாக ஓர் அடையாளம் உண்டு. எண் தவறாக இருக்கும், ஆனால் அசையாமல் நிற்கும். குவெட்டின் தெளிந்த பக்கத்தில் விரல் ரேகை பட்டிருந்தாலோ, தேய்த்த பக்கம் ஒளிப்பாதையில் வருமாறு திருப்பி வைத்திருந்தாலோ, பிப்பெட்டில் அளவு பிசகியிருந்தாலோ, வரும் எண் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். குவெட்டைத் துடைத்து மீண்டும் வைத்தால் முதலிரண்டும் சரியாகிவிடும். மூன்றாவது அந்த ஒரு கரைசலோடு நிற்கும். அதற்கு முந்தைய கரைசல்களின் எண்கள் மாறா. குவெட்டின் சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழி மட்டும் சில நேரம் எண்ணை அசைக்கும். குவெட்டை மெல்லத் தட்டினால் குமிழி மேலேறிப் போய்விடும்.

கருவியின் விளக்கு தளரும்போது நடப்பது வேறு. ஒற்றைக் கதிர்க் கருவியில் வெற்றுக் கரைசலை வைத்துச் சுழியம் செய்த கணத்தில் இருந்த ஒளியே அளவுகோலாகிறது. அதன்பின் விளக்கின் ஒளி குறைந்தால், கரைசல்தான் கூடுதலாக ஒளியை உறிஞ்சியது என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஒளி பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எல்லா எண்களும் 0.046 கூடிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஏற்கனவே அளந்தவற்றையே திரும்ப அளப்பது.

எடுத்துக்காட்டு மாணவிகள் 3.32-க்கு அதைத்தான் செய்தார்கள். வெற்றுக் கரைசலைத் திரும்ப வைத்தபோது 0.000 வர வேண்டிய இடத்தில் 0.046 வந்தது. முதல் திட்டக் கரைசலைத் திரும்ப வைத்தபோது 0.201-க்குப் பதிலாக 0.247 வந்தது. இரண்டிலும் வேறுபாடு ஒன்றே. கரைசல் கெட்டிருந்தால் இரு குடுவைகளும் ஒரே அளவு கெட்டிருக்க வாய்ப்பில்லை. மாறியது அவ்விரண்டுக்கும் பொதுவான ஒளிதான்.

இங்கே இரண்டு மறுகேள்விகள் வரும். கருவி சூடேறும் முன்பே அளந்தீர்களா என்பது ஒன்று. இத்தகைய கருவிகளைப் போட்டவுடன் பயன்படுத்தினால் முதல் கால் மணி நேரத்துக்கு எண் மெல்ல நகர்வது இயல்பு, அது பழுதன்று. இவர்கள் 2.30-க்குப் போட்டு 3.20-க்கு அளக்கத் தொடங்கியதால் இந்த ஐயம் நீங்குகிறது. ஒவ்வொரு கரைசலுக்கு முன்பும் புதிதாகச் சுழியம் செய்து அளந்திருக்கலாமே என்பது மற்றொன்று. ஒளி மெதுவாகக் குறைந்துகொண்டிருந்தால் அது செல்லுபடியாகும் வழிதான். ஒரே குவெட்டின் எண் சில நொடிகளுக்குள் 0.57-க்கும் 0.64-க்கும் இடையே ஆடும்போது, சுழியம் செய்த அடுத்த நொடியே அது பொய்த்துவிடும். ஆகவே மூன்று எண்கள் குதித்ததையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவசியம். பலர் குதிக்கும் எண்களை எழுதுவதில்லை. பென்சிலால் எழுதி அழித்துவிடுவோரும் உண்டு. கடிதத்துக்கு வலுச் சேர்ப்பவை அந்த எண்களே.

## எத்தனை நாள் கேட்பது

பெரும்பாலான கடிதங்கள் ஒரு வாரம் என்று பொதுவாகக் கேட்கின்றன. கேட்க வேண்டிய நாட்கள் இரண்டு செய்திகளிலிருந்து தாமாகவே வரும். கரைசல் அல்லது மாதிரி பிழைத்திருக்கிறதா என்பது முதலாவது. கருவி எப்போது கிடைக்கும் என்பது இரண்டாவது.

இரும்பும் பினாந்த்ரோலினும் சேர்ந்த நிறம் நீண்ட நாள் மங்காமல் இருக்கும். மூடியிட்ட குடுவையில் வைத்தால் சில நாள் கழித்து அளந்தாலும் எண் மாறாது. எனவே இச்செய்முறையில் தேவைப்படுவது கருவியின் முன் முக்கால் மணி நேரம் மட்டுமே. மூன்று மணி நேர வகுப்பு முழுவதையும் திரும்ப நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

எல்லாச் செய்முறைகளும் இப்படி இல்லை. எஸ்டர் நீராற்பகுப்பின் வேகத்தை அளக்கும் சோதனையில் வினை கடிகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் வெப்பநிலைத் தொட்டி நின்றுபோனால் அந்தக் கலவை வீண்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு முழு வகுப்பு நேரமும் புதிய வேதிப்பொருளும் தேவை. நொதிச் சோதனையில் நொதிக் கரைசலே ஒரு நாளில் திறன் இழந்துவிடலாம். மாறாக, இயற்பியல் ஆய்வகத்தில் சோடிய ஆவி விளக்கு அணைந்துபோனால் கெட்டுப்போகும் பொருள் ஏதுமில்லை. மாற்று விளக்கு வந்ததும் நிறமாலைமானியைத் திரும்பச் சரிசெய்து அளக்கலாம். ஒரே கருவிப் பழுது ஒரு செய்முறைக்கு அரைநாள் இழப்பாகவும் இன்னொன்றுக்கு ஒரு வார இழப்பாகவும் ஆவதால், மாதிரியின் நிலையைக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பழுதுக்கு முன் எடுத்த இரண்டு எண்களும் சரியாகவே இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் வேறொரு நாளில் அளந்தால் போதுமென்று தோன்றும். ஆனால் ஒரே நேர்கோட்டின் பாதிப் புள்ளிகள் பழைய விளக்கிலும் மீதிப் புள்ளிகள் புதிய விளக்கிலும் எடுக்கப்பட்டவையாக இருந்தால், கோட்டின் சாய்வில் வரும் வேறுபாட்டுக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆறு குடுவைகளையும் ஒரே அமர்வில் மறுபடி அளக்க வேண்டும். முன்பு எடுத்த 0.201, 0.398 ஆகியவை ஒப்பீட்டுக்கு உதவும். புதிய அளவும் அவற்றையொட்டி வந்தால் கரைசல்கள் கெடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

எடுத்துக்காட்டில் மாற்று விளக்கு செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 12 அன்று பொருத்தப்படும் என்று ஆய்வக உதவியாளர் சொல்கிறார். புதன்கிழமை அளந்து, அன்று மாலை கணக்கிட்டு, வியாழக்கிழமை ஒப்படைக்கலாம். வெள்ளிக்கிழமை விடுதலை நாள் விடுமுறை. ஆகவே கேட்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 14, அதாவது மூன்று நாள் நீட்டிப்பு. ஒவ்வொரு நாளுக்கும் வேலை இருப்பதால் இதை மறுக்க ஆசிரியருக்குக் காரணம் குறைவு.

## கடிதத்தில் இருக்க வேண்டியவை

தமிழில் எழுதும் அலுவல் விண்ணப்பத்தின் அமைப்பே இதற்கும் பொருந்தும். அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், கடிதப் பகுதி, முடிப்பு, இடம், நாள், கையொப்பம் என்ற வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும் கல்லூரிகளிலும் உள்ளடக்கம் இதுவே. மின்னஞ்சலாக அனுப்பினால் பொருள் வரியே தலைப்பு வரியாகும்.

பொருள் வரியில் செய்முறையின் பெயரும் கேட்கும் நாளும் இருக்க வேண்டும். கால நீட்டிப்பு வேண்டுதல் என்று மட்டும் எழுதினால், பல குழுக்களைப் பார்க்கும் ஆசிரியருக்கு எந்த அறிக்கை என்றே தெரியாது.

கடிதப் பகுதியில் நான்கு செய்திகள் இந்த வரிசையில் வந்தால் படிப்பவருக்கு எளிது: நடந்தது என்ன, அது பழுதுதான் என்று எப்படித் தெரிந்தது, இப்போது எவை கையில் உள்ளன, எந்த நாள் வரை அவகாசம் வேண்டும். கருவியின் எண், பழுதான நேரம், பயன்பாட்டுப் பதிவேட்டின் பக்கம் ஆகியவை முதல் செய்தியோடு சேரும். ஆய்வக உதவியாளரிடம் உடனே சொல்லிப் பதிவேட்டில் எழுத வைப்பது இதனால்தான் முக்கியம். மறுநாள் போய்ச் சொன்னால் பதிவேட்டில் அந்த நேரம் இருக்காது.

இருவர் சேர்ந்து செய்த செய்முறையானால் ஒரே கடிதத்தில் இருவரும் கையொப்பமிடுவது நல்லது. தனித்தனியாக எழுதினால் நேரமும் எண்களும் சிறிது மாறிவிடும், தேவையற்ற ஐயம் எழும்.

## மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
(பெயர்), பதிவு எண் (……)
(பெயர்), பதிவு எண் (……)
இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு,
செய்முறைக் குழு – ஆ.

பெறுநர்
செய்முறைப் பொறுப்பாசிரியர் அவர்கள்,
வேதியியல் துறை,
(கல்லூரியின் பெயர்).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: இரும்பு அளவிடல் செய்முறை அறிக்கையை 14.08.2025 வரை ஒப்படைக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். 07.08.2025 வியாழக்கிழமை பிற்பகல் நடைபெற்ற செய்முறை வகுப்பில், நாங்கள் பயன்படுத்திய 2 ஆம் எண் நிறமாலை ஒளிமானியின் விளக்கு 3.50 மணிக்கு அணைந்துவிட்டது. இரண்டு திட்டக் கரைசல்களின் அளவீடு மட்டுமே அதற்கு முன் முடிந்திருந்தது. ஆய்வக உதவியாளரிடம் அப்போதே தெரிவித்தோம். கருவிப் பயன்பாட்டுப் பதிவேடு, பக்கம் (……) இல் அது குறிக்கப்பட்டுள்ளது. 1 ஆம் எண் கருவி வகுப்பு முடியும் வரை முதுகலை மாணவர்களின் பயன்பாட்டில் இருந்தது.

விளக்கு அணையும் முன்பே அளவீடு நிலையாக இல்லை. 3.20 மணிக்குச் சுழியம் செய்த வெற்றுக் கரைசல் 3.32 மணிக்கு 0.046 காட்டியது. முதல் திட்டக் கரைசல் 0.201 இலிருந்து 0.247 ஆக மாறியது. மூன்றாவது கரைசல் சில நொடிகளில் 0.612, 0.571, 0.640 என்று காட்டியதால், மீண்டும் சுழியம் செய்தும் பயனில்லை. கருவி 2.30 மணி முதல் இயக்கத்தில் இருந்தது. இவ்வெண்கள் உள்ள குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளோம்.

ஆறு குடுவைகளையும் மூடி, பெயரும் நாளும் எழுதி, ஆய்வக அலமாரியில் வைத்துள்ளோம். நிறம் மங்காதது என்பதால் அவற்றையே அளக்க இயலும். புதிய விளக்கு 12.08.2025 அன்று பொருத்தப்படும் என அறிகிறோம். 13.08.2025 அன்று 45 நிமிடம் கருவியைப் பயன்படுத்தத் தாங்கள் அனுமதித்தால், ஆறு கரைசல்களையும் ஒரே அமர்வில் அளந்து, 14.08.2025 வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் முழு அறிக்கையை ஒப்படைப்போம்.

அறிக்கையின் நோக்கம், தத்துவம், செய்முறை, கரைசல் தயாரிப்புக் கணக்கு ஆகிய பகுதிகளை 11.08.2025 அன்றே தங்களிடம் கொடுத்துவிடுகிறோம். அளவீடும் முடிவும் மட்டுமே பின்னர் வரும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவியர்,
(கையொப்பங்கள்)

இடம்: ……
நாள்: 08.08.2025
இணைப்பு: குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல் – 1

## கடிதத்தின் சில வரிகள் பற்றி

1 ஆம் எண் கருவி பயன்பாட்டில் இருந்தது என்ற வரி, வேறு கருவியில் அளந்திருக்கலாமே என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் ஆசிரியர் மாணவிகளை அழைத்துக் கேட்க வேண்டியிருக்கும், முடிவும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

எழுத முடிந்த பகுதிகளைப் பழைய நாளிலேயே ஒப்படைக்கும் வாக்கு, நீட்டிப்பின் அளவைச் சுருக்குகிறது. கருவியால் தடைப்பட்டது அளவீடு மட்டுமே. கரைசல் தயாரித்த கணக்கை எழுதக் கருவி தேவையில்லை. முழு அறிக்கைக்கும் நாள் கேட்டால், பழுதைச் சாக்காக வைத்துப் பிற வேலையையும் தள்ளிப்போடுவதாகத் தோன்றும்.

யார் மீதும் குறை சொல்லும் வரி இதில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். கருவி பழையது, துறை பராமரிப்பதில்லை என்பன உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொறுப்பாசிரியரே அந்த விளக்கை வாங்கக் கேட்டுக் காத்திருப்பவராகவும் இருக்கக்கூடும். பராமரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் துறைத்தலைவருக்குத் தனியாக எழுதுவது முறை.

விளக்கு தானாக அணைந்த நிகழ்வு இது. மாணவரின் கைபட்டுக் குவெட்டு உடைந்திருந்தாலோ, கரைசல் சிந்திக் கருவிக்குள் போயிருந்தாலோ அதை மறைக்காமல் எழுத வேண்டும். பல கல்லூரிகளில் உடைந்த பொருட்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு, அதன் விலை மாணவரின் முன்வைப்புத் தொகையில் கழிக்கப்படும். சொந்தத் தவறைச் சொன்னாலும் ஆசிரியர் மறுவாய்ப்பு தரலாம். பழுது என்று எழுதிய பின் உடைபொருள் பதிவேட்டில் வேறு செய்தி இருந்தால், அந்த ஒரு கடிதம் மட்டுமன்றி அடுத்து எழுதும் கடிதங்களும் நம்பிக்கை இழக்கும்.

## கடிதம் எழுதாமல் எண்ணை எழுதுதல்

கருவி நின்றுபோன நாளில் மாணவர் முன் இன்னொரு வழியும் திறந்திருக்கும். எதிர்பார்க்கும் எண்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது கரைசலுக்கு 0.60, நான்காவதுக்கு 0.80 என்று எழுதிவிட்டு, தெரியாத கரைசலுக்கு முந்தைய குழுவின் எண்ணைப் போட்டுக்கொண்டால் திங்கட்கிழமையே அறிக்கை தயார். கடிதமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்.

இது பிடிபடுவது பலர் நினைப்பதைவிட எளிது. உண்மையான அளவீட்டுப் புள்ளிகள் கோட்டுக்குச் சிறிது மேலும் கீழுமாகவே விழும். இட்டுக்கட்டியவை கோட்டின் மேலேயே அமரும். பயன்பாட்டுப் பதிவேட்டில் கருவி 3.50-க்கு நின்றதாக இருக்க, அறிக்கையில் ஆறு அளவீடுகளும் இருந்தால் விளக்கம் சொல்ல வழியில்லை. தெரியாத கரைசல் ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு அளவில் கொடுக்கப்படும் ஆய்வகங்களில், அடுத்த குழுவின் விடையை எழுதுவதே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தளர்ந்த விளக்கில் வந்த எண்ணை அப்படியே எழுதுவதும் சரியன்று, அதில் பொய் இல்லாவிட்டாலும் விடை பிழைபடும். தெரியாத கரைசலில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இரும்பு இருந்தால் எண் 0.50 வர வேண்டும். 0.046 கூடி 0.546 வந்தால், கோட்டின்படி விடை 2.73 மில்லிகிராம் ஆகும். ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பிழை. மாணவரின் அறிக்கையில் இது ஒரு மதிப்பெண்ணாகப் போகலாம். நாளை அவரே குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை செய்யும்போது, நீர் தகுதியானதா இல்லையா என்ற முடிவே இதனால் மாறக்கூடும். வெற்றுக் கரைசலைத் திரும்ப வைத்துப் பார்க்கும் பழக்கமும், சரியில்லை என்று தெரிந்ததும் நிறுத்தி எழுதிக் கொடுக்கும் பழக்கமும் கல்லூரி ஆய்வகத்தில்தான் தொடங்குகின்றன.

## வரம்புகள்

இக்கடிதத்தால் மாற்றக்கூடியது பொறுப்பாசிரியர் தாமே குறித்த நாளை மட்டுமே. அகமதிப்பீட்டு மதிப்பெண்களைத் துறை அனுப்ப வேண்டிய கடைசி நாளும், பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு முன் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டிய நாளும் அவர் கையில் இல்லை. அந்நாட்கள் நெருங்கிவிட்டால், நீட்டிப்புக்குப் பதிலாக மாற்று வழியைக் கேட்பதே பயன் தரும். ஆசிரியர் தரும் வேறொரு குழுவின் அளவீட்டை, அது வேறொருவருடையது என்று தெளிவாக எழுதிக் கணக்கிட்டுக் கொடுக்க அனுமதி கோரலாம். எண்களைத் திருடி எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, யாருடைய எண் என்பதை வெளிப்படையாகச் சொல்வதில் இருக்கிறது.

செய்முறைத் தேர்வின்போதே கருவி பழுதானால் பின்னர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை. அங்கேயே, எழுதுவதை நிறுத்திவிட்டு, தேர்வாளரை அழைத்து எண்கள் ஆடுவதைக் காட்ட வேண்டும். வேறு கருவி தருவதா, கூடுதல் நேரம் தருவதா என்பதை அவர் அந்த அறையிலேயே முடிவு செய்வார். அறையை விட்டு வெளியே வந்தபின் விடைத்தாளில் உள்ள எண்களே பேசும்.

கடிதம் கொடுக்கும் நேரமும் ஒரு வரம்புதான். பழுதான அன்று மாலையோ மறுநாளோ கொடுத்தால், ஆசிரியர் கருவியைப் பார்த்து, குடுவைகளைப் பார்த்து, அடுத்த வார நேரத்தை ஒதுக்க முடியும். ஒப்படைக்க வேண்டிய நாளன்று காலையில் கொடுத்தால் அதே விவரங்கள் அனைத்தும் இருந்தாலும் அவருக்கு ஒதுக்க நேரம் எஞ்சியிருக்காது. அனுமதி கிடைத்தால் புதிய நாளைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கையொப்பம் பெற்று, அந்த நகலை அறிக்கையோடு இணைத்துக் கொடுப்பது வழக்கம். பின்னர் மதிப்பெண் பட்டியல் தயாரிப்பவர் வேறொருவராக இருந்தாலும், அறிக்கை தாமதமாக வரவில்லை என்பது அதிலிருந்து தெரியும்.